இடைவேளைக்குள் இறந்துபோகும் அம்மா: பல ஆண்டுகளாகப் பார்த்த ஒரு ரசிகரின் அனுபவம்

தமிழ்க் குடும்பப் படங்களைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். முதல் முறை கண் கலங்க வைத்த சென்டிமென்ட் காட்சிகளில் சில இன்றும் அதே வலுவோடு நிற்கின்றன. சில, கதை தெரிந்துவிட்ட பிறகு வெறும் அழுகைச் சத்தமாக எஞ்சிவிடுகின்றன. இந்த வேறுபாட்டுக்கான காரணம் அழுகைக் காட்சிக்குள் இல்லை, அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் அம்மாவுக்கு என்ன வேலை தரப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

2014இல் வேல்ராஜ் இயக்கத்தில் வெளிவந்த ‘வேலையில்லா பட்டதாரி’யை எடுத்துக்கொள்கிறேன். சரண்யா பொன்வண்ணன் நடித்த புவனா, படத்தின் முதல் பாதியில் பெரிதாக எதையும் செய்வதில்லை. ஆனால் அந்த வீட்டில் சமுத்திரக்கனி நடித்த அப்பாவும் தனுஷ் நடித்த மூத்த மகனும் நேராகப் பேசிக்கொண்டால் அது சண்டையில்தான் முடியும் என்பதால், அப்பாவின் கோபம் மகனிடம் போய்ச் சேருவதற்கு முன்பும், மகனின் வீம்பு அப்பாவிடம் போய்ச் சேருவதற்கு முன்பும், இரண்டும் அவர் வழியாகவே கடந்து, சற்றுக் கூர் மழுங்கிச் செல்கின்றன. கணவரை விட்டுக்கொடுக்காமலே மகனுக்காகப் பரிந்து பேசுகிறார். மகனைக் கடிந்துகொண்டே அவனுக்குச் சோறு போடுகிறார். சரண்யா இதைத் தியாகத்தின் தொனியில் நடிக்காமல், அன்றாட அலுப்போடும் சிரிப்போடும் நடித்திருப்பது படத்துக்கு மிகப் பெரிய பலம்.

எனவே அவர் இறக்கும்போது பார்வையாளர் இழப்பது ஒரு நல்ல அம்மாவை மட்டுமல்ல, அந்த வீடு பேசிக்கொண்டிருந்த வழியையே. துக்கத்தை வசனம் விளக்க வேண்டியதில்லை. அப்பாவும் மகனும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், நடுவில் நின்று பேச ஆளில்லை என்பதே போதுமானது. மகன் தனக்குப் பிடித்த வேலையில் சேர்வதைப் பார்க்க அவர் இல்லை என்பது இரண்டாம் பாதி முழுவதும் உடன் வருகிறது. அந்த வேலை கிடைப்பதும் அவரால்தான்: அவருடைய நுரையீரலைத் தானமாகப் பெற்ற பெண்ணின் தந்தைதான் வேலை தருகிறார். இந்தத் திருப்பம் தற்செயலை அதிகமாக நம்புகிறது என்று சொல்பவர்களை என்னால் மறுக்க இயலாது. ஆனாலும் இறந்த அம்மாவைச் சுவரில் மாலையிட்ட படமாக மட்டும் விட்டுவிடாமல், கதையை நகர்த்தும் காரணமாகவே வைத்திருப்பதால்தான் இரண்டாம் பாதியின் சண்டைகளுக்குக்கூட ஓர் உணர்ச்சிக் கனம் கிடைக்கிறது.

2004இல் வந்த ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’யிலும் அம்மாவின் மரணம் கதையின் நடுவில்தான் வருகிறது. நதியா நடித்த மகாலட்சுமி தனியாக மகனை வளர்த்தவர். அவர் போன பிறகுதான் மகன் மலேசியாவில் இருக்கும் தந்தையிடம் செல்கிறான். தந்தை மீது அவனுக்கு இருக்கும் வெறுப்பு நமக்குப் புரிவதற்குக் காரணம், தாயும் மகனும் நண்பர்களைப் போலப் பேசிக்கொள்ளும் முற்பகுதிக் காட்சிகள். அந்த இலகுவான பேச்சை நீக்கிவிட்டால் பின்பகுதியின் கோபத்துக்கு வேர் இருக்காது.

தோற்றுப்போகும் காட்சிகளை அடையாளம் காண எனக்கு ஒரு வழி உண்டு. ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை மறுபடி பார்ப்பேன். புல்லாங்குழலும் வயலினும் இல்லாமல் போனதும் காட்சியில் யாரும் எதையும் செய்யவில்லை, முகங்கள் மட்டுமே மாறி மாறி வருகின்றன என்று தெரிந்தால், அங்கே கனத்தைச் சுமந்தது இசை மட்டுமே. தொலைக்காட்சித் தொடர்களில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு செய்தியைக் கேட்டதும் அறையில் உள்ள ஒவ்வொருவர் முகத்துக்கும் கேமரா செல்கிறது, அம்மா மட்டும் எந்த முடிவும் எடுக்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். ‘உனக்காகத்தானே வாழ்ந்தேன்’ என்பது போன்ற வசனம் அம்மாவின் வாயிலிருந்தே வரும்போதும் இதே தளர்ச்சி நேர்கிறது, ஏனெனில் பார்வையாளர் தாமே கண்டடைய வேண்டியதை அவர் பட்டியலிட்டுக் கேட்கிறார்.

அம்மாவுக்குக் கதையில் வேலை கொடுக்கப்பட்டாலும் ஒரு குறை எஞ்சுகிறது. புவனாவும் மகாலட்சுமியும் எவ்வளவு உயிரோட்டமாக இருந்தாலும், அவர்களுடைய விருப்பங்கள் பெரும்பாலும் மகனைச் சுற்றியே இருக்கின்றன. இந்த வட்டத்தைத் தாண்டிய அம்மாவாக நான் கருதுவது, சீனு ராமசாமியின் ‘தென்மேற்கு பருவக்காற்று’ படத்தில் அதே சரண்யா நடித்த வீராயியை. அவருக்குச் சொந்த உழைப்பு உண்டு, சொந்தப் பகை உண்டு, ஆடு திருடும் குடும்பத்துப் பெண்ணை மகன் விரும்பும்போது அதை எதிர்க்கும் பிடிவாதமும் உண்டு. பார்ப்பவருக்கு அவர் மேல் எரிச்சல்கூட வருகிறது. மகனுக்கு எதிராக நிற்கும் உரிமையைக் கதை அவருக்குக் கொடுத்திருப்பதால், அவர் இளகும் ஒரு சிறு கணம்கூட, எப்போதும் இளகியே இருக்கும் அம்மாக்களின் நீண்ட அழுகையைவிட ஆழமாகப் பதிகிறது. அந்த நடிப்புக்காகச் சரண்யா தேசிய விருது பெற்றார். அவருக்குப் பின்னர் வந்த அம்மா வேடங்கள் பலவற்றில் வீராயியின் அன்பு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு அந்தப் பிடிவாதம் விடப்பட்டிருப்பது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.