பரப்புச் சோதனையா, புள்ளிச் சோதனையா: இரண்டு μ-வும் ஒத்துப்போகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இருகூறுக் கலவை ஒன்றில் P, x, y மூன்றையும் அளந்து வைத்திருக்கிறீர்கள். அதாவது மொத்த அழுத்தம், திரவத்தின் மோல் பின்னம், ஆவியின் மோல் பின்னம். அளவீடு சரிதானா என்று கேட்டால் பெரும்பாலும் பரப்புச் சோதனையைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். அது மட்டும் போதாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, முதலில் இந்தச் சோதனைகள் எதன் மேல் நிற்கின்றன என்று பார்த்துவிடலாம்.

கலவையின் கிப்ஸ் ஆற்றல் G = n1μ1 + n2μ2. இதில் n ஒவ்வொரு கூறின் மோல் எண்ணிக்கை, μ அதன் கெமிக்கல் பொட்டென்ஷியல். இதன் சிறு மாற்றத்தை எழுதினால் நான்கு உறுப்புகள் வரும். ஆனால் வெப்பநிலையும் அழுத்தமும் மாறாதபோது dG = μ1dn1 + μ2dn2 மட்டும்தான். மீதி இரண்டும் சேர்ந்து பூஜ்யமாக வேண்டும், வேறு வழியே இல்லை:

x1 dμ1 + x2 dμ2 = 0

கிப்ஸ்-டூஹெம் சமன்பாடு இவ்வளவுதான். ஒரு கூறின் கெமிக்கல் பொட்டென்ஷியல் நகர்ந்தால் மற்றதும் நகர்ந்தாக வேண்டும், அதுவும் எதிர்த்திசையில். எவ்வளவு நகர வேண்டும் என்பதையும் கலவையின் விகிதமே சொல்லிவிடுகிறது. x1 = 0.9 இருக்கும் இடத்தில் கலவையைச் சற்று மாற்றும்போது μ1 மோலுக்கு 1 ஜூல் குறைந்தால், μ2 மோலுக்கு 9 ஜூல் கூடும். குறைவாக இருக்கும் கூறுதான் அதிகம் ஆடும்.

ஆக்டிவிட்டி குணகங்களை வைத்து இதையே x1 d ln γ1 + x2 d ln γ2 = 0 என்று எழுதலாம். P, x, y மூன்றும் கையில் இருந்தால் γ1, γ2 இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கும். ஆவியை இலட்சிய வாயு என்று வைத்துக்கொண்டால் γ1 = y1P / (x1P1*), γ2-க்கும் அப்படியே. P1* என்பது தூய கூறின் ஆவி அழுத்தம். ஒன்று தெரிந்தாலே மற்றதைக் கணக்கிட்டுவிடலாம் என்ற நிலையில் இரண்டையும் அளந்திருக்கிறோம். அந்த உபரித் தகவல்தான் சோதனைக்கு இடம் தருகிறது. P-யையும் x-ஐயும் மட்டும் அளந்து y-ஐக் கணக்கில் வரவழைக்கும் பார்க்கர் முறையும் (1953) நல்ல முறைதான், வேலையும் மிச்சம். ஆனால் அதில் கிப்ஸ்-டூஹெம்மை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறோம், பிறகு அதை வைத்தே சரிபார்க்க முடியாது.

சரி, இப்போது போட்டியாளர்கள். பரப்புச் சோதனையில் ln(γ1/γ2)-ஐ x1-க்கு எதிராக வரைந்து, 0 முதல் 1 வரை பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள பரப்புகள் சமமா என்று பார்க்கிறோம். நிகரப் பரப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். புள்ளிச் சோதனையில் g = x1 ln γ1 + x2 ln γ2 என்று ஒவ்வொரு புள்ளியிலும் கணக்கிட்டு, இரு முனையிலும் பூஜ்யமாகும்படி ஒரு வளைகோட்டைப் பொருத்துகிறோம். கிப்ஸ்-டூஹெம் உண்மையென்றால் அந்தக் கோட்டின் சாய்வு dg/dx1, அதே இடத்தில் அளந்த ln(γ1/γ2)-க்குச் சமமாக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எச்சம்.

எண்களோடு பார்ப்போம். கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட கலவை இது: P1* = 40 கிலோபாஸ்கல், P2* = 20, உண்மையான குணகங்கள் ln γ1 = 0.8 x2², ln γ2 = 0.8 x1². சமபங்குக் கலவையில் சரியான அழுத்தம் 36.6 கிலோபாஸ்கல். இப்போது தூய திரவங்களை நன்றாக வாயு நீக்கிவிட்டு, கலவைகளைத் தயாரிக்கும்போது கொஞ்சம் காற்று கரைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானி நடுவில் 40.5 காட்டுகிறது, முனைகளில் சரியாகக் காட்டுகிறது. Ln P-இல் பிழை 0.4 x1x2. ஆவியின் y மட்டும் சரியாகவே வருகிறது, ஏனென்றால் வாயு நிறப்பகுப்பில் காற்றைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு கூறுகளின் விகிதத்தைத்தான் பார்க்கிறோம்.

x1 = 0.2 புள்ளியை நெருங்கிப் பாருங்கள். உண்மையில் ln γ1 = 0.512, ln γ2 = 0.032. தவறான அழுத்தத்தால் இரண்டிலும் 0.064 கூடி 0.576, 0.096 என்று ஆகின்றன. வித்தியாசம் முன்பும் 0.48, இப்போதும் 0.48! γ1/γ2 எடுக்கும்போது P மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. ஆக, நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் பிழையுள்ள அழுத்தத்தோடு பரப்புச் சோதனை நிகரப் பரப்பு பூஜ்யம் என்று கச்சிதமாகத் தேறிவிடும். மொத்த அழுத்தத்தை அது பார்ப்பதே இல்லை. நாம் அளந்ததிலேயே பொதுவாக மிகத் துல்லியமானது அழுத்தம்தான், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு y-ஐ மட்டும் விசாரிக்கும் சோதனை இது என்பதை நினைத்தால் எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

புள்ளிச் சோதனை என்ன சொல்கிறது? அதே இடத்தில் g = 0.2 × 0.576 + 0.8 × 0.096 = 0.192, அதாவது 1.2 x1x2. எல்லாப் புள்ளியிலும் இப்படியே வரும், பொருத்தம் அழகாக இருக்கும். அதன் சாய்வு 1.2 × 0.6 = 0.72, ஆனால் அளந்த ln(γ1/γ2) 0.48. எச்சம் −0.24. மறுபக்கம் x1 = 0.8-இல் +0.24. எச்சத்தின் குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 0.20 வருகிறது. வான் நெஸ் வழியில் வந்த பாடப்புத்தக அளவுகோல் 0.03-க்குக் கீழ் என்றால் மிக நல்ல தரவு, 0.10-க்குக் கீழ் என்றால் பரவாயில்லை என்கிறது. இந்தத் தரவு தெளிவாகத் தோற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொருத்திய g இரு முனையிலும் பூஜ்யம் என்பதால் அதன் சாய்வின் தொகையீடும் பூஜ்யம்தான். அப்படியானால் எச்சங்களைக் குறியோடு கூட்டினால் கிடைப்பது அப்படியே பரப்புச் சோதனையின் நிகரப் பரப்பு. −0.24-உம் +0.24-உம் ஒன்றையொன்று விழுங்கிவிட்ட மிச்சத்தைத்தான் பரப்புச் சோதனை பார்க்கிறது. புள்ளிச் சோதனை செய்தவருக்குப் பரப்புச் சோதனை இலவசம், எதிர்மாறாகக் கிடையாது.

அதற்காகப் பரப்புச் சோதனை எதையும் பிடிக்காது என்று அர்த்தமில்லை. P1*/P2* விகிதத்தில் 5 சதவீதப் பிழை இருந்தால் நிகரப் பரப்பு 0.049 ஆகும், நம் கலவையில் அது மொத்தப் பரப்பில் சுமார் 12 சதவீதம், வழக்கமான 10 சதவீத வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் அதைத் தாண்டி அதன் கை எட்டாது.

புள்ளிச் சோதனைக்கும் பலவீனம் உண்டு. வளைகோட்டுக்குத் தேவைக்கு மேல் மாறிலிகளைக் கொடுத்தால் சாய்வு அலைபாயும், அந்த அலை எச்சத்தில் வந்து நல்ல தரவையும் கெட்டதாகக் காட்டும். இரண்டு மூன்று மாறிலிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாறா அழுத்தத்தில் அளந்த தரவு என்றால் வெப்பநிலை கலவையோடு மாறுவதால், கலத்தல் வெப்பம் சார்ந்த ஓர் உறுப்பு சமன்பாட்டில் சேரும். கொதிநிலைகள் தள்ளி இருந்தால் அதை விட முடியாது. இந்தச் சிக்கல் இரண்டு சோதனைக்கும் பொது. மாறா வெப்பநிலையில் அழுத்தம் மாறுவதால் வரும் உறுப்பு, குறைந்த அழுத்தங்களில், விட்டுவிடும் அளவுக்குச் சிறியது.

எச்சம் தோற்றுவிட்டால் அடுத்து அதன் வடிவத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மைனஸ், நடுவில் பூஜ்யம், மறுபக்கம் பிளஸ் என்று வந்தால், இந்தக் கணக்கில் நடந்ததுபோல, நடுவில் புடைத்த அழுத்தப் பிழையை முதலில் சந்தேகிக்கலாம். கலவைகளை மறுபடி உறையவைத்து வாயு நீக்கி ஒரு நடுப்புள்ளியை மட்டும் திரும்ப அளந்தாலே விஷயம் தெரிந்துவிடும். எல்லா எச்சமும் ஒரே குறியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், தூய கூறுகளின் ஆவி அழுத்தத்தையோ y-இன் அளவுத்திருத்தத்தையோ போய்ப் பாருங்கள்.