கடிகாரத்தின் வலயமா, உடல் சொல்லும் எண்ணா: பீற்றா புளொக்கர் குளிசை எடுப்பவருக்கு எது சரி?

எனக்கு வயது 55. பிரஷருக்காகக் காலையில் பைசோப்ரொலோல் என்ற பீற்றா புளொக்கர் குளிசை 5 மில்லிகிராம் எடுக்கிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் நடக்கிறேன், சைக்கிள் ஓடுகிறேன். வெளிநாட்டிலிருந்து மருமகன் அனுப்பிய கடிகாரம் நாடித்துடிப்பை ஐந்து வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எத்தனை நிமிடம் இருந்தேன் என்று கணக்குச் சொல்கிறது. கிளினிக்கில் கண்ட பிசியோதெரபிஸ்ட் பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று நாமே சொல்வதற்காக 6 முதல் 20 வரை எண்கள் அச்சிட்ட ஒரு தாளை நீட்டினார். "ஐயா, இந்தக் குளிசை எடுக்கிறவருக்கு இதுதான் கடிகாரம்" என்றார். இரண்டையும் பாவித்துப் பார்த்துவிட்டு நான் தாளின் பக்கம் போய்விட்டேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பொதுவான ஆட்களுக்குக் கடிகாரம் நல்லதுதான். குளிசை எதுவும் எடுக்காத முப்பது வயதுக்காரர் இந்த அலசலைப் படிக்கவே தேவையில்லை. கடிகாரம் விலை கூடியது, தாள் இலவசம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. அதையும் விட்டுவிடுவோம்.

கடிகாரம் வலயம் பிரிக்கும் கணக்கு எளியது. 220இலிருந்து வயதைக் கழிக்கிறது. எனக்கு 165. அதுதான் என் இதயத்தின் உச்சத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, அதில் 60 முதல் 70 வீதத்தை இலேசான வலயம் என்கிறது. அதாவது 99 முதல் 115 வரை. அடுத்தது 116 முதல் 132 வரை, நடுத்தரம். அதற்கு மேலே கடினம்.

பீற்றா புளொக்கர் கை வைப்பது இந்த உச்சத்தில்தான். உடல் உழைக்கத் தொடங்கினால் அட்ரினலினும் அதன் உறவான நோர் அட்ரினலினும் இதயத்தின் பீற்றா வாங்கிகளில் போய் அமர்ந்து "வேகமாக அடி" என்கின்றன. குளிசை அந்த இருக்கைகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ஓய்வில் இருக்கும்போது அந்த ஏவல் குறைவு என்பதால் துடிப்புச் சற்றுத்தான் இறங்கும். உழைப்பு உச்சத்துக்குப் போகும்போது ஏவல் மிகுதி, ஆகவே அங்கேதான் வெட்டும் பெரியது. இதயம் ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளி அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. அதனால் நடையும் ஓட்டமும் முடியாமல் போய்விடுவதில்லை, துடிப்பின் எண்ணிக்கை மட்டும் வேறாகிவிடுகிறது.

எக்சர்சைஸ் ஈ.சீ.ஜி. செய்தபோது, குளிசை எடுத்த நிலையிலேயே, களைத்து நிற்கும்வரை நடந்தும் என் துடிப்பு 128ஐத் தாண்டவில்லை. ஓய்வில் 56. இடையில் இருப்பது 72 துடிப்புகள். பயிற்சியை அளப்பவர்கள் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். மிதமான பயிற்சி என்பது அதில் 40 முதல் 60 வீதம். எனக்கு 56உடன் 29ஐக் கூட்டினால் 85, 43ஐக் கூட்டினால் 99. ஆக, என் உண்மையான மிதமான நடை 85க்கும் 99க்கும் இடையில் முடிந்துவிடுகிறது. கடிகாரத்தின் "இலேசான" வலயம் அந்த 99இல்தான் தொடங்குகிறது! அதன் மேல் விளிம்பான 115க்கு நான் ஏறினால் என் இடைவெளியில் எண்பது வீதத்துக்கு மேல் செலவழித்துவிட்டேன் என்று பொருள். இலேசு என்று கடிகாரம் தட்டிக்கொடுக்கும் இடத்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். "நடுத்தரம்" என்ற வலயத்தின் மேல் கால்வாசி என் உச்சத்தையே தாண்டியது. கடின வலயமோ எனக்கு இல்லவே இல்லை.

அப்படியானால் கணக்கைத் திருத்தலாமே என்று கேட்கலாம். திருத்தலாம். பீற்றா புளொக்கர் எடுக்கும் இதய நோயாளருக்கென்று ஒரு சமன்பாடும் இருக்கிறது. வயதை 0.7ஆல் பெருக்கி 164இலிருந்து கழிக்க வேண்டும். எனக்கு ஏறத்தாழ 125 வருகிறது, சோதனையில் கிடைத்த 128க்குப் பக்கத்தில்தான். ஆனால் இது சராசரி. ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பத்து, பதினைந்து துடிப்புகள் விலகலாம். சோதனை செய்து பெற்ற எண்தான் நம்பத்தக்கது. அதுவும் வழக்கமான குளிசையை வழக்கமான நேரத்தில் எடுத்துவிட்டுச் செய்திருக்க வேண்டும். இதயக் குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கச் செய்யும் சோதனைக்குச் சில நேரம் இந்தக் குளிசையை நிறுத்தச் சொல்வார்கள். அந்த எண்ணைக் கொண்டுவந்து கடிகாரத்தில் ஏற்றினால் மறுபடியும் பொய் வலயம்தான். எண்ணைச் சரிபார்க்கிறேன் என்று தாமாகவே குளிசையை நிறுத்துவதோ உயிரோடு விளையாட்டு. திடீரென விட்டால் பிரஷரும் துடிப்பும் முன்னிருந்ததைவிட எகிறும், அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சு வலி வரும்.

சரி, சோதனை செய்து, உச்சத்தைத் திருத்தி, வலயங்களையும் கையால் மாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். என்னைத் தாளின் பக்கம் தள்ளியது அதற்குப் பிறகு வருகிற சங்கதி: பராமரிப்பு. திருத்திய வலயம் எத்தனை நாள் நிற்கும்?

ஒரு நாள்கூட நிற்பதில்லை. நான் குளிசை எடுப்பது காலை ஏழு மணிக்கு. விடியற்காலை ஐந்தரைக்கு நடக்கப் போனால் முந்தைய நாள் குளிசையின் வால்தான் இரத்தத்தில் இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போனால் அது உச்சத்தில் இருக்கிறது. அதே பாதை, அதே வேகம், அதே மூச்சு. துடிப்பில் மட்டும் ஏழெட்டு வித்தியாசம். இதே வகைக் குளிசையான அற்றெனலோல் பைசோப்ரொலோலைவிட விரைவாக உடலைவிட்டுப் போவது. அதை நாளுக்கு ஒரு தடவை மட்டும் எடுப்பவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் பெரிதாக இருக்கலாம். கிளினிக்கில் 5 மில்லிகிராமை 2.5 ஆக்கினால் வலயம் மாறும். ஒரு மருந்து தட்டுப்பாடாகி அதே வகையில் இன்னொன்றைத் தந்தால் மறுபடி மாறும். ஒவ்வொரு தடவையும் எக்சர்சைஸ் ஈ.சீ.ஜி.க்கு யார் வரிசையில் நிற்பது?

இதற்கு மேல் எங்கள் ஊர் வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே உடம்பு கொதிக்கிறது. தோலைக் குளிர்விக்க இரத்தம் வெளியே ஓடுவதால், வேகம் கூடாமலே துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். குளிசை அதை ஓரளவு அமுக்கும். ஆக ஏற்றம் ஒன்று, அமுக்கல் ஒன்று. இரண்டும் கலந்து வருகிற எண்ணிலிருந்து என் உழைப்பை எப்படிப் பிரித்தெடுப்பது?

தாளுக்கு இந்தப் பராமரிப்பு எதுவும் இல்லை. குன்னார் போர்க் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் வகுத்த அளவு அது. 6 என்றால் கதிரையில் சாய்ந்திருப்பது. 9 மிக இலேசு, 11 இலேசு, 13 ஓரளவு கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம், 20 இதற்கு மேல் ஒரு அடியும் முடியாது. ஆறில் தொடங்குவதற்குக் காரணம், எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் துடிப்புக்கு அண்மையாக வரும் என்ற எண்ணம். எங்களைப் போன்றோர் அந்தப் பெருக்கலை மறந்துவிட வேண்டும். 13 எனக்கு 130 அல்ல, தொண்ணூறு சொச்சம்தான். ஆனால் தன் சொந்த வலுவில் எத்தனை வீதத்தைச் செலவிடுகிறோம் என்பதற்கும் சொல்லும் எண்ணுக்கும் உள்ள உறவு, குளிசை எடுத்தாலும் பெரிதாகக் குலைவதில்லை. பத்து மணியானாலும் ஐந்தரையானாலும் 13 எனக்கு 13தான்.

பழகியதும் இப்படித்தான். முதல் பத்து நிமிடம் 9, 10இல் நடக்கிறேன். குளிசை எடுத்தவரின் இதயம் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும் என்பதால் இந்தச் சூடேற்றலைச் சுருக்குவதில்லை. பிறகு அரை மணி நேரம் 12, 13. எங்கே நிற்கிறேன் என்று பார்க்க வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரே மூச்சில் உரக்கச் சொல்கிறேன். சொல்லி முடித்து ஒரு மூச்சு இழுக்கத் தோன்றினால் 13. பாட்டுப் பாட வருகிறது என்றால் 11. நடுவிலேயே முறிந்தால் 15ஐத் தாண்டிவிட்டேன். முடிவில் சட்டென நிற்காமல் ஐந்து நிமிடம் தளர்ந்து நடக்கிறேன், இல்லாவிட்டால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும்.

கல்லடிக் கடற்கரையில் இது கண்ணுக்குத் தெரியும். அலை நனைத்த இறுகிய மணலில் 11இல் போகிறேன். அதே வேகத்தில் மேலேறி உதிரி மணலில் கால் வைத்தால் சில நிமிடத்தில் கெண்டைச் சதை எரிந்து எண் 15ஆகிறது. கடிகாரத்தில் துடிப்பு ஐந்தாறுதான் கூடியிருக்கும், வலயம் மாறியே இராது. காத்தான்குடிப் பக்கம் கச்சானுக்கு எதிராகச் சைக்கிள் மிதிக்கும்போதும் அதே கதைதான்.

முன்னேற்றத்தையும் இதிலேயே பார்க்கலாம். ஒரே சுற்று, ஒரே 13, முன்பு 36 நிமிடம், இப்போது 33 என்றால் உடல் தேறியிருக்கிறது. நிமிடம் குறையாமல் எண் 13இலிருந்து 12க்கு இறங்கினாலும் அதே பொருள்தான். கொப்பியில் பாதை, நிமிடம், எண் மூன்றும் போதும்.

தாளுக்கும் குறை உண்டு. பொய் சொல்ல இடம் தருவது அது. கூட்டாளிகளோடு நடக்கும்போது 15ஐப் பலர் 12 என்பார்கள். கால் நோவையும் மூச்சையும் சேர்த்து முழு உடலுக்கும் ஓர் எண் சொல்ல வேண்டும். இந்தக் குளிசையில் மூச்சுக்கு முன்பே கால் களைப்பது வழமை என்பதால் புதியவர் கூட்டிச் சொல்லிவிடுவார். நெஞ்சு இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, தலைச்சுற்று ஆகியவற்றுக்கு எண் போடக் கூடாது. வந்தால் நின்றுவிட வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ சீனியை இறக்கும் குளிசையோ எடுப்பவர் இன்னும் கவனிக்க வேண்டியது ஒன்று: சீனி தாழ்ந்தால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் பீற்றா புளொக்கர் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. ஆனால் எங்கள் வெயிலில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. அவர்கள் நடக்குமுன் சீனியைப் பார்த்துக்கொள்வதும் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருப்பதும் எந்த அளவுகோலை நம்பினாலும் தவிர்க்க முடியாதவை. வேக ஓட்டத்தை இடைவிட்டுச் செய்யும் பயிற்சியில் எனக்கு அனுபவம் இல்லை. அதற்குத் தாள் எவ்வளவு உதவும் என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை.

கடிகாரம் கட்டாயம் தேவைப்படும் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், என் மைத்துனர். அவருடைய எக்சர்சைஸ் ஈ.சீ.ஜி.யில் துடிப்பு 115ஐத் தொட்டபோது இதயத்துக்கு இரத்தம் போதாததன் அடையாளம் தெரிந்தது. வலி எதுவும் இல்லை. வலியே வராதவரிடம் "எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த எண்ணுக்குப் பத்துத் துடிப்புக் கீழே நிற்கச் சொன்னார் வைத்தியர். கடிகாரத்தில் 105க்கு மணி அடிக்க வைத்திருக்கிறார். அதற்குள் 11, 12 என்று தாளைப் பார்த்தே நடக்கிறார். வலயப் பக்கத்தைத் திறப்பதில்லை. குளிசையின் அளவு மாறும் நாளில் அந்த 105ஐயும் வைத்தியரிடம் மறுபடி கேட்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியின் மட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார்.