பதினான்கு மாதங்களாக என் கடையில் இருக்கும் புளூடூத் பில் பிரிண்டர்

காட்பாடியில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 58 மி.மீ. தாள் போடும் கையடக்கப் பில் பிரிண்டர் ஒன்றை வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அச்சில் எனக்குக் குறையில்லை. என்னை அலைக்கழித்ததெல்லாம் அதைக் கைப்பேசியோடு சேர்ப்பதுதான்.

வாங்கிய அன்று புளூடூத் பட்டியலில் அதன் பெயரைத் தொட்டு 0000 என்று கொடுத்ததும் Paired என்று வந்தது. ஆனால் பில் போடும் செயலியோ பிரிண்டர் இணைக்கப்படவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பழுதான பொருள் என்று முடிவு செய்து, திருப்பி அனுப்புவதற்காகப் பெட்டியில் வைத்தும் விட்டேன். பக்கத்து செல்போன் கடைத் தம்பி அதை எடுத்து, தாள் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பிரிண்டரை ஆன் செய்தார். சோதனைச் சீட்டு ஒன்று தெளிவாக அச்சாகி வந்தது. “மெஷின் நல்லாத்தான் இருக்குதுண்ணா. இது ஹெட்செட் மாதிரி இல்ல. செட்டிங்ஸ்ல பேரு மட்டும்தான் பதிவாவும், கனெக்ட் பண்றது ஆப்புதான்” என்றார். ஆண்ட்ராய்டு 12 முதல், புளூடூத் கருவியோடு இணைய ஒரு செயலிக்கு Nearby devices என்ற அனுமதி தனியாக வேண்டும். செயலி முதலில் கேட்டபோது, என்னவென்று புரியாமல் நான் மறுத்திருக்கிறேன். அதைக் கொடுத்து, செயலிக்குள்ளேயே பிரிண்டரைத் தேர்ந்தெடுத்ததும் பில் வந்துவிட்டது.

மூன்றாவது மாதம் வந்த தொல்லை இதைவிடப் பெரியது. சில நாட்களில் மட்டும், அதுவும் மாலைக் கூட்ட நேரத்தில், பிரிண்டர் இணைய மறுத்தது. அனுமதியும் சரியாக இருந்தது, சார்ஜும் இருந்தது. பதிவை அழித்து மறுபடி சேர்த்துப் பார்த்தும் பயனில்லை. ஒரு வாடிக்கையாளர் பொறுமையிழந்து பில் வாங்காமலே போனது இன்னும் மனத்தில் நிற்கிறது. நாட்காட்டியில் குறித்து வந்தபோதுதான், நான் சரக்கு வாங்க வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய்வந்த நாட்களில் மட்டுமே இப்படி நடக்கிறது என்பது தெரிந்தது.

நான் வெளியே போகும்போது என் மனைவி கடையில் அமர்ந்து, தம் கைப்பேசியில் பில் போடுவார். என் கைப்பேசி தொலைவுக்குப் போனதும் இணைப்பு அறுந்து, பிரிண்டர் அவருடைய கைப்பேசிக்குக் கிடைத்துவிடும். நான் திரும்பியதும் அவர் கடைக்குப் பின்னாலேயே உள்ள வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய செயலியோ மூடப்படாமல், சுவருக்கு அப்பால் ஏழெட்டு மீட்டரில் இருந்தபடியே இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் பிரிண்டர் ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசியோடுதான் பேசும். அன்று மாலை அவருடைய புளூடூத்தை அணைக்கச் சொன்னேன். அடுத்த நொடியே, அதுவரை மறுத்த பில் என் கையில் வந்து விழுந்தது.

பிரிண்டரை அணைத்துப் போடுவது இதற்கு நம்பத்தக்க வழி அல்ல, ஏனெனில் எந்தச் செயலி முதலில் முந்துகிறதோ அதுவே மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஆகவே கல்லாவை விட்டு எழுபவர் செயலியை முழுவதுமாக மூடிவிட்டுத்தான் எழுவது என்று இருவரும் வைத்துக்கொண்டோம். அதன் பிறகான பதினோரு மாதங்களில், மறந்துபோன இரண்டு நாட்களைத் தவிர, பில் நின்றதில்லை.