குன்றிலிருந்து ஊர் தெரியுமா: வியூஷெட் வரைபடமா, வெட்டுமுகமா?

சின்ன ரேடியோ கோபுரம் ஒன்றுக்கு இரண்டு குன்றுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முதலில், நிற்கும் இடத்திலிருந்து எங்கெல்லாம் தெரியும் என்று காட்டும் வியூஷெட் வரைபடம் போட்டேன். `dem_utm.tif` நில உயரத் தரவு:

```
gdal_viewshed -ox 512340 -oy 1134560 -oz 9 -tz 6 -md 8000 -cc 0.75 dem_utm.tif view.tif
```

கோபுர உயரம் 9 மீட்டர், ஊரில் நடும் கம்பம் 6 மீட்டர். பூமியின் வளைவையும் காற்றில் அலை வளைவதையும் கணக்கில் எடுக்கும் `-cc` ரேடியோ அலைக்கு 0.75, அப்படியே விட்டால் கண்பார்வைக்கான 0.85714 வரும். `-oz` கொடுக்க மறந்தால் 2 மீட்டர் ஆள் உயரம்தான். இந்த மூன்றையும் சரியாகக் கொடுத்துவிட்டால், மற்றபடி சுலபமான வேலை.

உயரமான குன்று வரைபடத்தில் வெகுவாக வென்றது. ஊரும் 'தெரியும்' என்றே வந்தது. ஆனால் எத்தனை மீட்டர் இடைவெளியில் தெரிகிறது என்று அந்தப் படம் சொல்லாது. பத்து மீட்டர் மிச்சமானாலும் பத்து சென்டிமீட்டர் மிச்சமானாலும் அதற்கு ஒரே நிறம். `-om GROUND` போட்டால் `-tz`-ஐ விட்டுவிட்டு, தரை தெரியாத இடத்தில் தெரிவதற்குத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் வேண்டும் என்று வரும். வழியில் உள்ள மேட்டுக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்பது அதிலும் வராது.

அதனால்தான் நான் வெட்டுமுகத்தின் பக்கம். கோபுரத்துக்கும் ஊருக்கும் கோடு போட்டு, அதன் அடியில் நிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. உயரமான குன்று 540 மீட்டர், ஊர் 310, தூரம் 6 கிலோமீட்டர். கோபுரத்திலிருந்து 4.8 கிலோமீட்டரில் 358 மீட்டரில் ஒரு மேடு. அங்கே பார்வைக்கோடு 362.6 மீட்டரில் போகிறது. பூமியின் வளைவுக்கு 0.3 மீட்டர் கழித்தால் மிச்சம் 4.3. (வெட்டுமுகத்தில் இந்த வளைவை நாமே கழிக்க வேண்டியிருக்கும்.) ஆனால் ரேடியோ அலைக்குக் கோடு மட்டும் போதாது, அதைச் சுற்றி ஃப்ரெனல் மண்டலம் என்ற இடமும் தடையில்லாமல் வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் அதன் 60 சதவீதத்துக்கே அங்கே 4.2 மீட்டர் வேண்டும். கணக்குக்குச் சரி, அவ்வளவுதான். விண்வெளியிலிருந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக வருவது, அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். மேட்டின் கூர்மையான உச்சி ஒரு கட்டத்துக்குள் சராசரியாகி மழுங்கிவிடும். தரவு எடுத்தது 2000-இல், அதற்குப் பிறகு வளர்ந்த மரங்கள் அதில் இல்லை.

மேட்டில் ஏறிப் பார்த்தேன். உச்சியில் மூன்று ஆள் உயரத்துக்கு மரங்கள் நின்றன. அத்தோடு அந்தக் குன்று முடிந்தது.

தாழ்வான குன்றிலிருந்து போகும் கோடு அந்த மேட்டைத் தொடாமல் ஓரமாகப் போகிறது. மிகக் குறைந்த இடைவெளியே 18 மீட்டர். அதில்தான் கோபுரம் வைத்தோம். ஊர்க் கூரையில் நின்று, குன்றின் மேலிருந்து கண்ணாடியில் வெயிலை அடிக்கச் சொல்லி மினுக்கத்தைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் குழி தோண்டினோம்.

ஆனால் வீடுகள் சிதறிய ஊருக்கு வெட்டுமுகம் தொல்லை, வீட்டுக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். அங்கே வரைபடத்தில் வடிகட்டிவிட்டு, சந்தேகமான வீடுகளுக்கு மட்டும் கோடு போடலாம். அடர்ந்த காட்டின் குறுக்கே நான் செய்து பார்த்ததில்லை.