பிறக்காத பேரப்பிள்ளைக்கு உயில்: கும்பகோணத்தில் அம்மாவின் உயிலை எழுதிய அனுபவம்

இம்முறை ஊருக்குச் சென்றதன் முதல் நோக்கம், அம்மாவின் உயிலை முறையாக எழுதி முடிப்பது. கும்பகோணத்து வீடும், ஊரை ஒட்டியுள்ள சிறிது நஞ்சை நிலமும் அம்மா தம் சம்பாத்தியத்தில் வாங்கியவை. பூர்வீகச் சொத்து எதுவும் அதில் கலக்கவில்லை. நான் கனடாவில் இருக்கிறேன், எனக்கு ஒரு மகள். தம்பி மெல்போர்னில் இருக்கிறான். மணமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இன்னும் பிறக்கவில்லை. தனக்குப் பின் வீட்டைத் தம்பி அனுபவிக்க வேண்டும், அவனுக்குப் பின் அவன் பிள்ளைகள், அவர்களுக்குப் பின் அவர்களுடைய பிள்ளைகள் என்று வீடு கைமாறாமல் குடும்பத்திலேயே நிற்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பல பெற்றோருக்கு இதே ஆசை இருப்பதைக் காண்கிறேன். அந்த ஆசையை அப்படியே எழுத்தில் வைத்தால் என்ன நேரும் என்பதைப் பதிவு செய்வது பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பத்திர எழுத்தரிடம் சென்றோம். அவர் அரை மணி நேரத்தில் நகல் தயாரித்துக் கொடுத்தார். வீட்டைத் தம்பி தன் ஆயுள் வரை அனுபவிக்க வேண்டியது, அவன் ஆயுளுக்குப் பின் அவனுக்குப் பிறக்கும் பிள்ளைகள் விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையின்றித் தங்கள் ஆயுள் வரை அனுபவிக்க வேண்டியது, அதன்பின் அப்பிள்ளைகளின் பிள்ளைகள் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது என்று அதில் இருந்தது. அம்மா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் அவர் எழுதியிருந்தார். கையெழுத்திடும் முன் சிவில் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

வழக்கறிஞர் நகலைப் படித்து முடித்ததும் அம்மாவிடம், "அம்மா, இதில் தம்பிக்குக் கொடுத்தது மட்டும்தான் நிற்கும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் செல்லாது" என்றார்.

காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். உயில் எழுதியவர் இறக்கும் நாளில் உயிரோடு இல்லாத ஒருவருக்கு, அதாவது அன்று பிறந்திராத ஒருவருக்கு, இடையில் வேறொருவரின் அனுபவ உரிமை இருந்து அதன்பின் சொத்துச் சேருமாறு எழுதலாம். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின் விதிவிலக்கு, உறவுமுறையால் குறிக்கப்படுபவர்களுக்கு அதை அனுமதிக்கிறது. ஆனால் 113ஆம் பிரிவு ஒரு நிபந்தனை விதிக்கிறது. பிறக்காதவருக்குக் கொடுப்பதானால், மிச்சமிருக்கும் உரிமை முழுவதையும் கொடுக்க வேண்டும். ஆயுட்கால அனுபவம் என்ற துண்டை மட்டும் கொடுத்து மிச்சத்தை அடுத்த தலைமுறைக்கு எடுத்துவைக்க முடியாது. தம்பி இன்று உயிரோடு இருப்பவன். அவனுக்கு ஆயுட்கால உரிமை மட்டும் கொடுப்பதில் தடையில்லை. பிறக்காத அவன் பிள்ளைக்கு அதே ஆயுட்கால உரிமையைக் கொடுத்தால் அது செல்லாது. அதோடு நிற்பதுமில்லை. செல்லாத ஒரு ஏற்பாட்டுக்குப் பின் வருவதாக எழுதப்பட்ட ஏற்பாடும் அதனோடு விழுந்துவிடும் என்கிறது 116ஆம் பிரிவு. உயிரோடிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் பத்திரங்களுக்கு 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 13, 16 பிரிவுகளில் இதே விதிகள் உள்ளன.

இதன் விளைவை எங்கள் குடும்பத்தில் பொருத்திப் பார்த்தபோதுதான் அம்மா திடுக்கிட்டார். அந்த நகல்படி தம்பி தன் காலம் வரை வீட்டை அனுபவிப்பான். அவனுக்குப் பின், அவனுக்கு இரண்டு குழந்தைகள் இருந்தாலும், உயிலின் வழியாக அவர்களுக்கு எதுவும் சேராது. உயிலில் மிச்சச் சொத்து இன்னாருக்கு என்ற வாசகமும் இல்லாததால், தம்பியின் ஆயுளுக்குப் பிந்தைய உரிமையைப் பொறுத்தவரை அம்மா உயிலே எழுதாமல் இறந்ததாகக் கருதப்பட்டு, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா இறந்த நாளில் இருந்த வாரிசுகளான எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாக அது சேரும். அம்மா எனக்கென்று வேறு ஏற்பாடு செய்திருக்கும் நிலையில், வீட்டின் பாதிக்கு நானும் என் வாரிசுகளும் உரிமையாளர்களாகி, தம்பி பிள்ளைகளோடு நீதிமன்றத்தில் நிற்கும் நிலை வரும். அம்மா நினைத்ததற்கு இது நேர்மாறானது.

அவத் நீதிமன்றத்தில் 1934இல் முடிவான கிர்ஜேஷ் தத் வழக்கையும் அவர் சொன்னார். ஒரு பெண்மணி தம் சகோதரர் மகனின் மகளுக்கு ஆயுட்காலத்துக்கும், பின் அவளுடைய ஆண் சந்ததிக்கு முழுமையாகவும், ஆண் சந்ததி இல்லாவிட்டால் அவளுடைய மகள்களுக்கு விற்கும் உரிமையின்றியும், எவருமே இல்லாவிட்டால் தம் சகோதரர் மகனுக்கும் என்று தானம் எழுதினார். அந்தப் பெண் பிள்ளையில்லாமலே இறந்தாள். பிறக்கவே பிறக்காத மகள்களுக்கு வரையறுத்த உரிமை எழுதியிருந்த அந்த ஒரு வரியால், அதற்குப் பின் நின்ற சகோதரர் மகனுக்கும் சொத்துச் சேரவில்லை. உயிரோடு இருந்தவருக்கு எழுதியது, பிறக்காதவருக்கு எழுதிய வரியால் வீணானது.

இரண்டாம் நகலை வழக்கறிஞரின் இளையவர் தயாரித்தார். அதில் ஆயுட்காலச் சங்கிலி நீங்கியிருந்தது. ஆனால் அம்மா கேட்டுக்கொண்டபடி, பேரப்பிள்ளைகள் 25 வயது நிறைந்தபின்தான் உரிமை பெறுவார்கள் என்று சேர்த்திருந்தார்கள். மூத்தவர் அதையும் அடித்துவிட்டார். 114ஆம் பிரிவின்படி, உயில் எழுதியவர் இறக்கும்போது உயிரோடிருப்பவரின் ஆயுளும், அந்த ஆயுள் முடியும்போது இருக்கும் ஒருவர் மேஜராகும் காலமும் கடந்து உரிமை சேர்வதைத் தள்ளிப்போட முடியாது. மேஜராகும் வயது 18. தம்பி இறக்கும்போது அவன் குழந்தைக்கு இரண்டு வயது என்றால், 25 வயது நிபந்தனை இந்த எல்லையை ஏழு ஆண்டுகள் தாண்டிவிடும். அப்படி நடக்காமலே போகலாம், தம்பி நூறு வயது வாழலாம் என்று வாதிட்டுப் பயனில்லை; எல்லையைத் தாண்ட வாய்ப்பிருந்தாலே ஏற்பாடு செல்லாது.

அப்படியானால் 18 என்று எழுதலாமே என்று கேட்டேன். அதிலும் ஒரு சிக்கல் இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். சோஃபர் வழக்கில் 1944இல், லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பின்படி, பிறக்காதவருக்குக் கொடுக்கும் உரிமை ஒரு நிபந்தனையால் கிடைக்காமல் போகவோ கிடைத்தபின் பறிபோகவோ இடமிருந்தால், அது மிச்ச உரிமை முழுவதையும் கொடுத்ததாகாது. 18 வயதை எட்டினால்தான் உரிமை என்று எழுதினால், எட்டாமல் இறந்துபோகும் வாய்ப்பு அந்த நிபந்தனைக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே உரிமை பிறந்தவுடனே சேர்ந்துவிட வேண்டும். மைனராக இருக்கும் காலத்தில் நிர்வாகம் மட்டும் வேறொருவர் கையில் இருக்கலாம். இந்த நுணுக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் நான் பார்த்த மாதிரி உயில்களில் வயது நிபந்தனை சாதாரணமாக இருக்கிறது.

இறுதியில் வாசகம் இப்படி அமைந்தது: "என் ஆயுளுக்குப் பின் மேற்படி வீட்டை என் மகன் தன் ஆயுள் வரையில், விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையின்றி, வரி செலுத்திப் பழுதுபார்த்து அனுபவித்துவர வேண்டியது. அவன் ஆயுளுக்குப் பின், அவனுக்குப் பிறந்த, பிறக்கும் எல்லா மகன்களும் மகள்களும், அவன் சட்டப்படி தத்தெடுத்தவர்கள் உட்பட, சம பாகமாகச் சர்வ சுதந்திர பாத்தியதையுடன் அடைய வேண்டியது. அவரவர் பாகத்தின் உரிமை, என் மரணத்துக்குப் பின் பிறப்பவர்களுக்குப் பிறந்த அன்றே சேர்ந்துவிடும். அனுபவம் மட்டும் என் மகனின் ஆயுளுக்குப் பின் தொடங்கும். என் மகனுக்கு ஒருபோதும் பிள்ளை எவரும் பிறக்காமலும், அவன் எவரையும் தத்தெடுக்காமலும் இருந்து அவன் காலமானால், என் மகள்வழிப் பேத்தி அவ்வீட்டை முழுமையாக அடைய வேண்டியது."

இதில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் வேலை இருக்கிறது. தம்பியின் ஆயுள் முதலில் நிற்பது வெறும் மரியாதைக்காக அன்று. அம்மா நேரடியாக "என் பேரப்பிள்ளைகளுக்கு" என்று எழுதியிருந்தால், 111ஆம் பிரிவுப்படி அம்மா இறக்கும் நாளில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமே அது சேரும். மறு ஆண்டு பிறக்கும் குழந்தைக்கு எதுவும் இராது. தம்பியின் அனுபவம் இடையில் நிற்பதால்தான் பின்னால் பிறப்பவர்களும் உள்ளே வருகிறார்கள். தம்பியின் பிள்ளைகள் அவன் இறக்கும்போது பிறந்தோ கருவிலோ இருந்தே ஆக வேண்டும் என்பதால் கால எல்லை மீறப்படவும் வாய்ப்பில்லை. தத்துப்பிள்ளைகளைத் தனியே குறித்தது, பின்னாளில் அதைப் பற்றி எவரும் சந்தேகம் கிளப்பாதிருக்க. என் மகளுக்கான வரி, தம்பிக்குப் பிள்ளையே இல்லாத நிலைக்கு மட்டும் பொருந்துமாறு இறுக்கமாக எழுதப்பட்டது. "பேரப்பிள்ளை பின்னால் சந்ததியின்றி இறந்தால்" என்று நீட்டியிருந்தால் சோஃபர் வழக்கின் குறை மீண்டும் நுழைந்திருக்கும்.

மூன்றாம் தலைமுறையைப் பற்றிய அம்மாவின் ஆசையைச் சட்டத்துக்குள் நிறைவேற்ற வழியில்லை. பேரப்பிள்ளைக்கு முழு உரிமை கொடுத்தபின், அவர்கள் விற்கக் கூடாது என்று தடை எழுதினாலும் அந்தத் தடைக்கு மதிப்பில்லை. அம்மாவுக்கு இது வருத்தம்தான். ஆனாலும் சட்டம் இப்படி இருப்பதை நான் நியாயமாகவே கருதுகிறேன். பிறக்காத மூன்று தலைமுறைகளின் கைகளை இன்றே கட்டிவிட்டால், இடிந்து விழும் வீட்டைக்கூட விற்க எவருக்கும் அதிகாரம் இராது. நினைத்துப் பார்த்தால், இந்துச் சட்டத்தில் 1872ஆம் ஆண்டு தாகூர் வழக்குக்குப் பின் பிறக்காதவருக்குத் தானமே கூடாது என்றிருந்தது. சென்னை மாகாணத்தில் 1914ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

நிலத்தைப் பொறுத்து ஒரு செய்தி, எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது. நஞ்சையை இப்போதே செட்டில்மென்ட் பத்திரமாக எழுதி வைத்துவிடலாம் என்று பத்திர எழுத்தர் யோசனை சொல்லியிருந்தார். ஆனால் செட்டில்மென்ட் என்பது உயிரோடிருக்கும்போதே கொடுக்கும் தானம். தம்பியின் பிள்ளைகள் ஆஸ்திரேலியக் குடியுரிமையோடு பிறக்கலாம், வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலத்தைத் தானமாகப் பெற அந்நியச் செலாவணி விதிகள் இடங்கொடுப்பதில்லை, ஆனால் இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து வாரிசாகப் பெறலாம். அதனால் நிலமும் உயிலிலேயே சேர்க்கப்பட்டது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை; இருந்தும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். சாட்சிகளாக உள்ளூரில் நிலையாக இருக்கும், அம்மாவைவிட வயதில் மிகவும் இளைய இருவரை அமர்த்துமாறு வழக்கறிஞர் வற்புறுத்தினார். உயிலை மெய்ப்பிக்க அவர்களில் ஒருவராவது பின்னாளில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். அம்மா இருக்கும்போதே தம்பிக்குக் குழந்தை பிறந்தாலும் இந்த வாசகத்தை மாற்ற வேண்டியதில்லை.