செக்மேட்டா, ஸ்டேல்மேட்டா: ராணி ஒரு கட்டம் தள்ளி நின்றால் அரைப் புள்ளி போவது ஏன்?

கறுப்புக்கு மிச்சமிருப்பது h8-இல் நிற்கும் ராஜா மட்டும். வெள்ளைக்கு d4-இல் ராஜா, e7-இல் ராணி. இப்போது வெள்ளையின் முறை.

இந்த நிலையில் கறுப்பு ராஜா ஏற்கெனவே சிறைப்பட்டுவிட்டது. e7 ராணி ஏழாவது வரிசை முழுவதையும் அடைத்திருக்கிறது. F8 கட்டமும் அதன் கையில்தான். ஆகவே ராஜா g8-க்கும் h8-க்கும் இடையே போய்வர முடியும், அவ்வளவுதான். வெள்ளை அவசரப்படாமல் ராஜாவை நடத்திக் கூட்டிவந்தால் போதும்: ராஜா e5-க்கு, கறுப்பு g8-க்கு, ராஜா f6-க்கு, கறுப்பு மறுபடி h8-க்கு, ராணி g7-க்கு, செக்மேட். மூன்றே நகர்த்தல்.

அதே முதல் நிலையில் வெள்ளை, "இன்னும் கொஞ்சம் நெருக்குவோம்" என்று ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி f7-இல் வைத்தால் ஆட்டம் அங்கேயே டிரா. f7 ராணி g8, g7, h7 மூன்றையும் தாக்குகிறது, h8-ஐத் தாக்கவில்லை. கறுப்பு ராஜாவுக்குச் செக் இல்லை. போக இடமும் இல்லை. நகர்த்த வேறு காயும் இல்லை. ராணி g6-இல் நின்றிருந்தாலும் இதே கதிதான். மூலையில் நிற்கும் ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணி இருந்தால் அது ஸ்டேல்மேட் என்று மனத்தில் பதிய வைத்துக்கொள்ளலாம். ராஜாவை ஓரத்துக்கு விரட்டும்போது ராணியைக் குதிரைத் தாவல் தூரத்திலேயே தொடரச் செய்வது நல்ல உத்தி என்று பயிற்சியாளர்கள் சொல்லித்தருவார்கள். அது சரிதான். ஆனால் ராஜா மூலைக் கட்டத்தில் கால் வைத்த உடனே அந்த உத்தியை நிறுத்திவிட வேண்டும். ஆரம்பநிலை ஆட்டக்காரர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டுக்கும் பொது எது, வேறுபாடு எது

செக்மேட்டிலும் ஸ்டேல்மேட்டிலும், ஆட வேண்டியவருக்கு விதிப்படி ஆடக்கூடிய நகர்த்தல் ஒன்றுகூட இல்லை. வேறுபடுவது ஒரே கேள்வியில்: ராஜா இந்த நொடியில் தாக்கப்படுகிறதா? தாக்கப்பட்டால் செக்மேட், தோல்வி. தாக்கப்படாவிட்டால் ஸ்டேல்மேட், ஆளுக்கு அரைப் புள்ளி.

"நகர்த்தல் இல்லை" என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ராஜாவுக்கு வழி அடைபட்டிருந்தும் பலகையில் எங்கோ ஒரு சிப்பாய் ஓரடி முன்னே போக முடிந்தால் அது ஸ்டேல்மேட் இல்லை. அந்தச் சிப்பாயை நகர்த்தித்தான் ஆக வேண்டும். மறுபக்கம், பலகையில் காய் இருந்தும் அது ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நின்றால், அதாவது நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் விழும் என்றால், அது நகர முடியாத காயாகவே கணக்கில் வரும். எதிராளியிடம் காய் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஆடுகிறவர்கள் இதில் சிக்குவதுண்டு.

இந்த இரண்டு முடிவுகளும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த நிலை ஒன்று. வெள்ளை ராஜா f6, வெள்ளைச் சிப்பாய் f7, கறுப்பு ராஜா h7. வெள்ளையின் முறை. சிப்பாய் f8-க்குப் போய் ராணியானால் g8, h8, h6 மூன்றையும் ராணி அடைத்துவிடும். G6, g7 வெள்ளை ராஜாவின் காவலில். h7 மட்டும் தாக்கப்படவில்லை. ஸ்டேல்மேட். அதே சிப்பாயை யானையாக மாற்றினால் h6 திறந்திருக்கும். கறுப்பு ராஜாவுக்கு அந்த ஒரே கட்டம்தான். அங்கே போனதும் யானை h8-க்கு வந்து செக்மேட். பலம் குறைந்த காய் ஜெயித்துக் கொடுக்கிறது, பலம் கூடிய காய் டிரா ஆக்குகிறது.

எனவே ஜெயிக்கும் பக்கம் ஆடுகிறவர், எதிராளியிடம் ராஜாவைத் தவிர நகரக்கூடிய காய் எதுவும் இல்லாத கட்டம் வந்ததும் ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்பும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: நான் இதை ஆடினபின் அந்த ராஜா எங்கே போகும்? ஒரு கட்டத்தையாவது விரலால் காட்ட முடிய வேண்டும். செக் கொடுக்கும் நகர்த்தலுக்கு இந்தப் பயம் தேவையில்லை, செக் இருக்கும்போது ஸ்டேல்மேட் வராது. ஆனால் பயந்துபோய் செக் மேல் செக்காகக் கொடுத்துக்கொண்டே போனால் ராஜா நடுப்பலகைக்குத் தப்பிவிடும். தவறு நடந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. விதிப்படியான நகர்த்தலால் ஸ்டேல்மேட் நிலை வந்ததும் ஆட்டம் உடனே முடிகிறது. கடிகாரத்தை அழுத்தினாரா இல்லையா என்பதற்கு அதன்பின் அர்த்தம் இல்லை.

தோல்வி என்று வைத்தால் என்ன?

"அடுத்து எங்கே போனாலும் ராஜா வெட்டுப்படும், அப்படியானால் தோற்றதாகத்தானே அர்த்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நகர்த்துவதே கேடாக முடியும் நிலைகள் சதுரங்கத்தில் ஏராளம். அங்கெல்லாம் "நான் ஆடவில்லை, பாஸ்" என்று சொல்ல முடியாது, ஆடித்தான் தோற்க வேண்டும். ஸ்டேல்மேட்டுக்கு மட்டும் ஏன் விலக்கு?

விதிப் புத்தகத்தின் பதில் இது: ராஜாவைத் தாக்குதலுக்குள் கொண்டுபோய் வைப்பதே தடை செய்யப்பட்ட நகர்த்தல். ராஜாவை வெட்டுவது என்ற செயலே ஆட்டத்தில் கிடையாது. ஜெயிக்க ஒருவர் செய்ய வேண்டியது, எதிராளியின் ராஜாவைத் தப்ப முடியாதபடி தாக்குவது. ஸ்டேல்மேட் ஆக்கினவர் வழியை அடைத்தார், தாக்கவில்லை. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எதிராளியாலும் ஆட முடியாது. இருவரில் யாரும் இலக்கை எட்டாமல் ஆட்டம் நின்றுபோனதால் அது டிரா.

இது ஒன்றே முடிவான பதில் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் வேறு விதமாக விதி வைத்தும் மக்கள் ஆடியிருக்கிறார்கள். அரபு, பாரசீக நாடுகளில் ஆடப்பட்ட ஷத்ரஞ்சில் ஸ்டேல்மேட் ஆக்கியவருக்கே வெற்றி. சீனச் சதுரங்கமான ஷியாங்சியில் இன்றைக்கும் நகர முடியாதவர் தோற்றவர். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டிலும் அதன்பின் நெடுங்காலமும் நேர் எதிரான வழக்கம் இருந்தது: ஸ்டேல்மேட் ஆக்கியவர் தோற்றார்! எதிராளியின் வழியை அநியாயமாக அடைத்ததற்குத் தண்டனை போல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கே டிரா விதி நிலைத்தது. இங்கிலாந்தின் பழைய விதியை நான் ஏற்க மாட்டேன். ராணியும் ராஜாவும் கைவசம் இருப்பவர் ஒரு சறுக்கலுக்கு முழுப் புள்ளியையும் இழப்பது மிகை.

ஸ்டேல்மேட் வெற்றி என்ற விதியை எடை போட, ஒரு சிப்பாய் மட்டும் மிஞ்சும் இறுதியாட்டத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளை ராஜா d6, சிப்பாய் e6, வெள்ளையின் முறை. கறுப்பு ராஜா e8-இல் நின்றால் சிப்பாய் e7-க்குச் செக் இல்லாமல் வருகிறது. கறுப்புக்கு f7 ஒன்றே வழி. வெள்ளை ராஜா d7-இல் ஏறி நின்று சிப்பாயை ராணியாக்கும். வெற்றி. கறுப்பு ராஜா e8-க்குப் பதில் d8-இல் நின்றால் e7 செக். கறுப்பு e8-க்கு வந்து சிப்பாய்க்கு முன்னால் நிற்கும். இனி வெள்ளை ராஜா e6-க்கு வந்தால் ஸ்டேல்மேட், வராவிட்டால் சிப்பாய் போய்விடும். சிப்பாய் ஏழாவது வரிசைக்குச் செக்குடன் வந்தால் டிரா, செக் இல்லாமல் வந்தால் வெற்றி என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதன் பின்னணி இதுதான்.

ராஜாக்கள் நேருக்கு நேர் நின்று வழிமறிக்கும் ஆப்போசிஷன் நுணுக்கம் இந்த வகை இறுதியாட்டத்தில் இந்த ஒரு டிராவின் மேல்தான் நிற்கிறது. ஸ்டேல்மேட் வெற்றி என்றாகிவிட்டால் தனி ராஜாவுக்கு எதிரே ஒரு சிப்பாய் மிஞ்சினாலே பெரும்பாலும் ஆட்டம் முடிந்தது. பத்தாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயை இழந்தவர் காய்களை மாற்றி மாற்றி டிராவைத் தேடும் வழி சுருங்கிவிடும். சிப்பாயைத் தியாகம் செய்து தாக்கவும் துணிய மாட்டார். என் வாதம் இங்கேதான் நிற்கிறது: டிரா விதி பலவீனமான பக்கத்துக்கு உயிர் கொடுக்கிறது, பலமான பக்கத்திடம் துல்லியம் கேட்கிறது. 2007-இல் மெக்சிகோ சிட்டியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஆனந்தும் கிராம்னிக்கும் ஆடிய ஆட்டம் ஒன்றும் பலகையிலேயே ஸ்டேல்மேட்டாகத்தான் முடிந்தது.

இடைப்பட்ட புள்ளி கொடுக்கலாமா?

உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் நடுவழி ஒன்றைச் சொன்னார்: ஸ்டேல்மேட் ஆக்கியவருக்கு வெற்றியைவிடக் குறைவாக, டிராவைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். மூன்று யோசனைகளில் இதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. பாதி வேலை முடித்தவருக்குப் பாதிக்கு மேல் கூலி என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அது எதைப் பறிக்கும் என்பதற்கு 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் லாரி எவான்ஸ், சாமுவேல் ரெஷெவ்ஸ்கியோடு ஆடிய ஆட்டத்தைப் பார்க்கலாம். வெள்ளையில் எவான்ஸ் தோற்கும் நிலை. ரெஷெவ்ஸ்கி தன் ராணியால் g3 சிப்பாயை எடுத்தார். அதோடு வெள்ளையின் மற்றச் சிப்பாய்கள் முட்டி நிற்க, h1-இல் இருந்த ராஜாவுக்கும் நகர இடமில்லாமல் போனது. எவான்ஸ் ராணியை g8-இல் செக்காகக் கொடுத்தார். கறுப்பு ராஜா அதை எடுத்தே ஆக வேண்டும். அடுத்து யானையால் g7-ஐ வெட்டிச் செக். அந்த யானையை ராஜா எடுத்தாலும் ராணி எடுத்தாலும் ஸ்டேல்மேட். எடுக்காமல் ஓடினால் ஏழாவது வரிசையிலேயே நின்று அது செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிரா. லாஸ்கரின் விதி இருந்திருந்தால் ரெஷெவ்ஸ்கி யோசிக்காமல் யானையை எடுத்து, புள்ளியின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு எழுந்திருப்பார். ராணியையும் யானையையும் தூக்கிக் கொடுத்தவருக்குக் கிடைப்பது அரைப் புள்ளிக்கும் குறைவு.