விற்பனை வாரத்தில் சிபிஎம் ஏறுவது: ஐந்து சீசன் விளம்பரம் ஓட்டியவனின் குறிப்பு

போன வாரம் நண்பன் ஒருவன் தன் விளம்பரக் கணக்கைத் திரைப்பிடித்து அனுப்பியிருந்தான். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கான செலவு, அதாவது சிபிஎம், பத்து நாளில் ஏறக்குறைய இரட்டிப்பு. கீழே ஒரே வரி: "நம்மளை ஏமாத்துறானாடா?"

இல்லை என்று பதில் அனுப்பிவிட்டு, ஏன் இல்லை என்று விளக்க உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வந்தது. அதனால் இதை முழு அனுபவப் பகிர்வாகவே எழுதிவிடுகிறேன். இணையத்தில் மேசை விளக்கு விற்கிறேன். ஏல முறையில் விளம்பரம் விற்கும் ஒரு தளத்தில் ஐந்து பெரிய தள்ளுபடி சீசன்களைப் பார்த்தாயிற்று. முதல் இரண்டில் நன்றாக அடிபட்டேன். கேம்பெய்ன் எப்படி அமைப்பது, சிபிஎம் என்றால் என்ன என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

கணக்கு எளிதாக இருக்க, சாதாரண நாளில் என் சிபிஎம்மை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் பார்த்தால் 12 பேர் கிளிக் செய்வார்கள். அவர்களில் நூற்றுக்கு 2.5 பேர் வாங்குவார்கள். ஆக ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 0.3 ஆர்டர், ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு சுமார் 333. விளக்கின் விலை அதே அளவுகோலில் 1000, எனக்கு ஆகும் செலவு 600, கையில் நிற்பது 400. விளம்பரம் போக 67 மிஞ்சும். பெரிய லாபம் இல்லை, ஆனால் வண்டி ஓடும்.

விற்பனை நாளில் தள்ளுபடியைப் பார்த்து வருகிறவர்கள் வாங்கத் தயாராகவே வருகிறார்கள். நூற்றுக்கு 2.5 என்பது 4.5 ஆகிறது. இங்கேதான் பலருக்குப் புரியாத விஷயம் இருக்கிறது. ஏலத்தில் நாம் நேரடியாக சிபிஎம்மைக் கேட்பதில்லை. ஓர் ஆர்டருக்கு இவ்வளவு தருவேன் என்கிறோம். இந்த ஆள் வாங்க எவ்வளவு வாய்ப்பு என்று தளம் கணித்து, அதை நம் தொகையால் பெருக்கி, அந்த எண்ணைத்தான் ஏலத்துக்குக் கொண்டுபோகிறது. ஓர் ஆர்டருக்கு 400 வரை தரத் தயாரான ஒருவர் சாதாரண நாளில் ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 120 வரைதான் போவார். விற்பனை நாளில் அதே 400, பிட்டைத் தொடாமலேயே, 216 ஆகிவிடுகிறது. அவருக்கு மட்டும் இல்லை, ஏலத்தில் நிற்கிற அத்தனை கடைக்கும் இதே கதை. போதாக்குறைக்கு வருடத்தில் இந்த ஒரு வாரம் மட்டும் பெரிய பட்ஜெட்டோடு வந்து இறங்குகிறவர்கள் வேறு. மக்கள் திரையைப் பார்க்கும் நேரமோ அதே விகிதத்தில் கூடுவதில்லை. இடம் அதே, கேட்கிற கைகள் அதிகம். விலை ஏறத்தான் செய்யும்.

சிபிஎம் 180க்குப் போனாலும் ஆர்டர் 0.54 ஆகிவிடுவதால் ஓர் ஆர்டரின் செலவு அதே 333தான். அதனால்தான் ஏமாற்று இல்லை என்றேன். கூடுதலாகக் கொடுத்த காசு கூடுதல் ஆர்டராகத் திரும்பி வருகிறது.

அப்புறம் எதற்குக் கோபம்? இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று என் தப்பு, ஒன்று அவர்கள் தப்பு.

என் தப்பை முதலில் சொல்கிறேன். 20 சதவீதத் தள்ளுபடியில் விளக்கின் விலை 800 ஆகிறது, எனக்கு ஆகும் 600 குறைவதில்லை. கையில் நிற்பது 200. விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கையில் நிற்பதில் பாதி போய்விடுகிறது. 333 கொடுத்து 200 சம்பாதித்தேன், ஆர்டருக்கு 133 நஷ்டம். முதல் சீசனில் இது தெரியாமல், ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். ஆர்டருக்கான செலவு ஏறவில்லையே என்ற நிம்மதி வேறு.

இனி அவர்கள் தப்பு. விற்பனைக்கு முந்தின வாரத்தை நான் காத்திருப்பு வாரம் என்பேன். வாங்க நினைத்தவர்கள் எல்லாரும் கார்ட்டில் போட்டுவிட்டு, தள்ளுபடி வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். பெரிய கடைகளோ அதற்குள் முன்னோட்ட விளம்பரங்களைக் கொட்ட ஆரம்பித்திருக்கும். சிபிஎம் 140, வாங்குபவர்கள் நூற்றுக்கு 1.5. ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 0.18 ஆர்டர், ஓர் ஆர்டருக்கு 778. வருடத்திலேயே மோசமான வாரம் இதுதான், விற்பனை நாள் இல்லை.

இரண்டாவது சீசனில் ஓர் ஆர்டருக்கு 350 என்று பிட்டுக்கு உச்சவரம்பு வைத்திருந்தேன். காத்திருப்பு வாரத்தில் விளம்பரம் படுத்துவிட்டது. யோசித்தால் காரணம் தெளிவு: 0.18ஐ 350ஆல் பெருக்கினால் 63, சந்தையோ 140இல் நிற்கிறது. உச்சவரம்பு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது, என்னை அந்த வாரத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் திரையின் மேலே ஒரு பெட்டி வந்து நின்றது: உங்கள் விளம்பரம் போதுமானவர்களைச் சென்றடையவில்லை, வரம்பை உயர்த்துங்கள். மூடினால் மறுநாள் மறுபடியும். கூடவே பட்ஜெட்டையும் உயர்த்தச் சொல்லி இன்னொன்று, பச்சை நிறத்தில். மூன்றாம் நாள் பயந்துபோய் 800 ஆக்கினேன். ஓடியது, நன்றாகவே ஓடியது, ஆர்டருக்கு 778 வீதம்.

அதோடு விட்டதா? விற்பனை நாளன்று அந்த 800ஐக் குறைக்க மறந்துவிட்டேன். 0.54 பெருக்கல் 800 என்றால் 432. கண்ணில் பட்ட ஏலத்தையெல்லாம் ஜெயித்து, சராசரி சிபிஎம் 240ஐத் தாண்டியது. பதறிப்போய் மதியம் வரம்பைக் குறைத்ததும் கேம்பெய்ன் மறுபடி லேர்னிங் கட்டத்துக்குப் போய்விட்டது. வருடத்தின் மிக விலை உயர்ந்த நாளில் அது முதலிலிருந்து பாடம் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியை வைத்தவர்களுக்கு என் ஆர்டர் எண்ணிக்கை தெரியும், சிபிஎம் தெரியும், அது காத்திருப்பு வாரம் என்பதும் தெரியும். என் லாபம் தெரியாது, சரி. மற்ற மூன்றும் தெரிந்தே அந்தப் பெட்டியைக் காட்டுகிறார்கள். ஐந்து வருடமாக என்னால் ஜீரணிக்க முடியாதது இதுதான்.

மூன்றாவது சீசனிலிருந்து பாதை மாறியது. விற்பனைக்கு ஆறு வாரம் முன்பே படம் பிடித்துவிடுகிறேன். நான்காவது, மூன்றாவது வாரங்களில், சிபிஎம் 100 பக்கம் இருக்கும்போதே, கிரியேட்டிவ்களைச் சோதித்துவிடுகிறேன். தள்ளுபடியை அப்போது சோதிக்க முடியாது, அதனால் படத்தையும் வீடியோவின் முதல் மூன்று வினாடியையும் மட்டுமே ஒப்பிடுவேன். ஒவ்வொன்றுக்கும் முப்பதாயிரம் இம்ப்ரெஷன் கொடுத்தால் 3000 ஆகும். அதையே விற்பனை நாளில் செய்தால் 5400, அதோடு தோற்ற விளம்பரத்தை ஓட்டிய நஷ்டமும் சேரும். இந்தத் தளத்தில் ஒரு வாரத்துக்குள் 50 கன்வர்ஷன் வந்தால்தான் லேர்னிங் முடியும். என் மாதிரிச் சின்னக் கடைக்கு வாரம் 50 ஆர்டர் கனவு என்பதால், சோதனையின்போது மட்டும் கார்ட்டில் சேர்ப்பதைக் கன்வர்ஷனாக வைத்துக்கொள்கிறேன். ஆனால் கார்ட்டில் நிறையப் போட வைக்கும் விளம்பரமே நிறைய விற்கும் என்று இல்லை. ஒருமுறை அப்படி ஏமாந்ததால், கடைசி இரண்டு போட்டியாளர்களை மட்டும் ஆர்டரை வைத்தே பார்க்கிறேன்.

ஜெயித்த படத்தில் தள்ளுபடி வரியைச் சேர்த்துத் தனி விளம்பரமாக ஒரு வாரம் முன்பே பதிவேற்றி, தேதி குறித்து வைத்துவிடுவேன். விற்பனைக்கு முந்தின நாள் பதிவேற்றினால் பரிசீலனை வரிசையில் மாட்டிக்கொள்ளும். அந்த அனுபவமும் உண்டு, அதை விடுங்கள்.

இதனால் என்ன கிடைத்தது? கிளிக் செய்பவர்கள் ஆயிரத்துக்கு 12 என்பதிலிருந்து 16 ஆனார்கள். தள்ளுபடியையும் மாற்றினேன்: இரண்டு விளக்கு வாங்கினால்தான் 20 சதவீதம். வாங்குபவர்கள் 4.5இலிருந்து 4 ஆகக் குறைந்தார்கள், ஆனால் ஓர் ஆர்டரில் கையில் நிற்பது 400 ஆனது. 16 கிளிக்கில் 0.64 ஆர்டர், சிபிஎம் அதே 180, ஆர்டருக்கு 281. மிச்சம் 119, சாதாரண நாளைவிட அதிகம். சிபிஎம்மை நான் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை.

உச்சவரம்பை இப்போது 300 என்று மூன்று வாரம் முன்பே வைத்துவிட்டுத் தொடுவதில்லை. காத்திருப்பு வாரத்தில் ஆயிரத்துக்கு 0.24 ஆர்டர்தான், 300ஆல் பெருக்கினால் 72. அதனால் தானாகவே நின்றுபோகிறது. விற்பனை நாளில் 192 ஆகி, 180 சந்தையில் தானாகவே எழுந்துகொள்கிறது. அந்த எழுந்துகொள்ளும் காட்சியைப் பார்க்க எனக்கு இன்றும் ஆசைதான், காலையில் பல் தேய்க்கும் முன்பே கணக்கைத் திறந்துவிடுகிறேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. விற்பனை முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாளைக்குக் கணிப்பு பழைய உற்சாகத்திலேயே இருக்கும், வாங்குகிறவர்கள் போயிருப்பார்கள். ஆகவே முடிவுத் தேதியையும் கையோடு குறித்துவிட வேண்டும். கூகுள் ஆட்ஸில் ஓட்டுபவர்களுக்கு இதற்கென்றே சீசனாலிட்டி அட்ஜஸ்ட்மென்ட் என்ற வசதி இருக்கிறது. ஒன்று முதல் ஏழு நாள் வரையிலான விற்பனைக்கு ஏற்றது, நீண்ட சீசன் முழுக்கப் போட்டு வைக்கும் பொருள் இல்லை.

தீர்ப்பு கேட்டால்: ஏலம் நியாயமானது, தேதி குறிக்கும் வசதி அருமை, உச்சவரம்பு சொன்ன சொல் காப்பாற்றுகிறது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நண்பனுக்குப் பதில் அனுப்பிய பத்தாவது நிமிடம் என் திரையிலும் அந்தப் பச்சைப் பெட்டி வந்து நின்றது, அதனால் இரண்டுதான். படப்பிடிப்புக்கு அடுத்த செவ்வாய் நாள் குறித்திருக்கிறேன், விளம்பரம் இதே தளத்தில்தான்.